தம்பியின் நிழல் அண்ணன் வேட்டியில்

"எல்லாம் சரியா இருக்கு தம்பி. ஆனா அவன் மட்டும் வெட்டி ஒட்டின மாதிரி இருக்கானே!"

கும்பகோணத்துப் பக்கம் ஒரு வீட்டில் சதாபிஷேகம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, அந்த வீட்டு அம்மா என் கணினித் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னது இது. கணவருக்கு எண்பது வயது நிறைந்த விழா. பெரிய மகன், மருமகள், மகள், மாப்பிள்ளை, இரண்டு பேரப்பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். டொராண்டோவில் வேலை பார்க்கும் சின்ன மகனுக்கு மட்டும் விடுப்பு கிடைக்கவில்லை. "குடும்பப் படத்துல அவனையும் நிறுத்திக் குடுத்துடுங்க" என்பதுதான் என்னிடம் வந்த வேலை.

போட்டோ ஸ்டுடியோக்காரனுக்கு இது தினசரி வேலை. ஆனாலும் பத்தில் எட்டுப் படத்தில் ஒட்டு தெரிந்துவிடும். விளிம்பைச் சுத்தமாக வெட்டினால் போதும் என்று நினைப்பதுதான் அதற்குக் காரணம். கண்ணுக்கு ஒட்டுத் தெரிவது பெரும்பாலும் விளிம்பில் அல்ல. கேமரா உயரம், வெளிச்சத்தின் திசையும் நிறமும், பக்கத்தில் நிற்பவர்மேல் விழ வேண்டிய நிழல் ஆகியவற்றில்தான். இவற்றைச் சரிசெய்ய ஃபோட்டோஷாப்பில் இரண்டு வசதிகள் இருக்கின்றன: ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், அட்ஜஸ்ட்மென்ட் லேயர். அந்தக் குடும்பப் படத்தை வைத்தே இவை எப்படி வேலை செய்கின்றன என்று சொல்கிறேன்.

பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவது புகைப்படக் கலைக்குப் புதிதல்ல. 1857-இல் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் ஆக்கினார். மறுவருடம் ஹென்றி பீச் ராபின்சன், நோயில் கிடக்கும் ஒரு பெண்ணின் கடைசி நேரத்தை ஐந்து நெகட்டிவ்களிலிருந்து அச்சிட்டுக் காட்டினார். நம் ஊரிலும் தாத்தா ஒரு காலத்திலும் பாட்டி இன்னொரு காலத்திலும் எடுத்த படங்களைக் கத்தரித்து, அட்டையில் ஒட்டி, மறுபடி படமெடுத்துக் கூடத்தில் மாட்டினார்கள். அந்த வேலையில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. கத்தரித்தால் கத்தரித்ததுதான், அச்சிட்டால் அச்சிட்டதுதான். ஒரு விரற்கடை தப்பானாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் லேயர் வந்தது 1994-இல். அட்ஜஸ்ட்மென்ட் லேயர் 1996-இலும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் 2005-இலும் வந்தன. இவை மூன்றும் சேர்ந்த பிறகுதான் எந்த முடிவையும் கடைசிவரை மாற்றிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது.

முதலில் படமெடுத்த இடத்துக்கே போய்விடுவோம். வீடு தெற்குப் பார்த்தது. தை மாதம், காலை எட்டரை மணி. தெருவில் ஸ்டாண்டு போட்டு, வாசலில் எட்டுப் பேரையும் நிறுத்தினேன். கேமராவின் லென்ஸ் தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்தில், மேலேயோ கீழேயோ சாயாமல் மட்டமாக இருந்தது. நின்றவர்களுக்கும் லென்ஸுக்கும் நடுவில் 4 மீட்டர். மெல்லிய மேகத்துக்குள்ளிருந்து வெயில் வலப்பக்கமாக, கேமராவுக்குச் சற்றுப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. பெரிய மகனுக்கும் மகளுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் விடச் சொன்னேன்.

இதற்கெல்லாம் ஒரு நோட்டில் குறிப்பு எழுதி வைப்பேன். குடும்பத்தை எடுத்து முடித்ததும், யாரையும் நகரச் சொல்லாமல், என் உதவியாளரை அந்த இடைவெளியில் நிற்கவைத்து இன்னொரு படம் எடுத்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. இந்தப் படத்தை யாரும் ஆல்பத்தில் பார்க்கப் போவதில்லை. ஆனால் உண்மையான ஓர் ஆள் அங்கே நின்றால் வெயில் எப்படி விழும், நிழல் எங்கே போகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அரை நிமிட வேலை. இதன் அருமை பிறகு தெரிந்தது.

டொராண்டோவிலிருந்து முதலில் வந்தது கைப்பேசிப் படம். நண்பர் ஒருவர் நின்றபடியே, இரண்டு மீட்டர் தள்ளி எடுத்திருந்தார். அந்தப் படத்தில் மூன்று குறைகள் இருந்தன. கேமரா கண் உயரத்தில் இருந்ததால் செருப்பின் மேல்பக்கமும் தரையும் நிறையத் தெரிந்தன. எங்கள் படத்தில் வைத்தால், மற்றவர்கள் நிற்க, அவர் மட்டும் சறுக்கிக் கீழே வருவதுபோல் இருக்கும். மிக அருகில் எடுத்ததால் தலை பெரிதாகவும் கால் சிறிதாகவும் இருந்தது. வெளிச்சமோ இடப்பக்கத்திலிருந்து வந்தது.

வெளிச்சத்துக்காகப் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். திருப்பினால் சட்டைப் பை இடமிருந்து வலத்துக்குப் போய்விடும், வகிடு மாறிவிடும். ஒருவருடைய முகத்தின் இரு பாதியும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வெளியாருக்குத் தெரியாது, பெற்றவளுக்கு உடனே தெரிந்துவிடும். அதனால் மறுபடி எடுக்கச் சொல்லிக் குறிப்பு அனுப்பினேன். சாதாரணக் கேமரா வேண்டும், உயரம் 120 செ.மீ., தூரம் 4 மீட்டர், கேமராவுக்கு வலப்பக்கமும் சற்று முன்பக்கமுமாகப் பெரிய ஜன்னல், வெள்ளைச் சட்டை வேட்டி, ஸ்டாண்டை அசைக்காமல் பத்துப் படம், ரா ஃபைல்களாக. லென்ஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றேன். உருவத்தின் அமைப்பை முடிவுசெய்வது லென்ஸ் அல்ல, தூரம். நான் 35 மி.மீ. லென்ஸில் எடுத்தேன், அவர்கள் 50 மி.மீ. லென்ஸில் எடுத்தார்கள். இருவரும் ஒரே தூரத்தில் நின்றதால் உடலின் அளவுகள் ஒத்துப்போயின.

இனி கணினி வேலை. டொராண்டோ படத்தின் ரா ஃபைலை கேமரா ரா சாளரத்தில் திறந்து, ஷிஃப்ட் விசையை அழுத்தினால் Open என்ற பொத்தான் Open Object என்று மாறும். அதை அழுத்தினால் படம் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக ஃபோட்டோஷாப்புக்குள் வரும். சாதாரணப் படமாக இருந்தால் லேயரின் மேல் வலது கிளிக் செய்து Convert to Smart Object கொடுக்கலாம்.

ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்பது ஒரு பெட்டி. மூலப் படம் முழுசாக அந்தப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். வெளியே நாம் பார்ப்பது அதன் பிரதிபலிப்பு மட்டுமே. சாதாரண லேயரை 40 சதவீதமாகச் சுருக்கி, பிறகு 70 சதவீதமாக்கினால், சுருக்கியபோது போன விவரம் போனதுதான்; படம் மங்கிவிடும். ஸ்மார்ட் ஆப்ஜெக்டை நூறு முறை சுருக்கி விரித்தாலும் ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்தே புதிதாகக் கணக்கிட்டுக் கொடுக்கும். ஆனால் மூலத்தில் இல்லாததை அது கொண்டுவராது. 100 சதவீதத்தைத் தாண்டிப் பெரிதாக்கினால் இதுவும் மங்கும். முதலில் வந்த கைப்பேசிப் படத்தை 4 மீட்டரில் எடுத்திருந்தால்கூட உருவம் சிறியதாக விழுந்து, இரண்டு மடங்கு பெரிதாக்க வேண்டியிருந்திருக்கும். கேமராப் படத்தையோ சுருக்கத்தான் வேண்டியிருந்தது.

எவ்வளவு சுருக்குவது என்பதைக் கண்ணால் குத்துமதிப்பாகச் செய்யத் தேவையில்லை. கேமரா மட்டமாக இருந்து, தரையும் மட்டமாக இருந்தால், லென்ஸ் உயரத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளும் படத்தில் ஒரே கோட்டில் விழும். முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் சரி. எங்கள் படத்தில் அந்தக் கோடு நிற்பவர்களின் மார்புக்குச் சற்றுக் கீழே, தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்தில் போனது. அண்ணன் 170 செ.மீ. உயரம், ஆகவே கோட்டுக்கு மேல் 50. தம்பி 173, ஆகவே கோட்டுக்கு மேல் 53. கோட்டின்மேல் தம்பியின் 120 செ.மீ. இடத்தைப் பொருத்தி, தலை உச்சி அண்ணனைவிட அந்த மூன்று செ.மீ. உயரும்வரை சுருக்கினேன். ஏறக்குறைய 70 சதவீதத்தில் நின்றது. கால்கள் தாமாகவே அண்ணனின் கால்களுக்கு நேராகப் போய் உட்கார்ந்தன. கேமரா உயரம் பொருந்தாத படத்தில் தலையைச் சரிசெய்தால் கால் தவறும், காலைச் சரிசெய்தால் தலை தவறும். அப்படி வந்தால் எடுத்த படமே தப்பு என்று தெரிந்துகொள்ளலாம். அங்கே எந்தக் கருவியும் உதவாது.

பிறகு மாஸ்க். ஆளைச் சுற்றியிருந்த டொராண்டோ வீட்டை அழிக்கவில்லை, மறைத்தேன். ஸ்மார்ட் ஆப்ஜெக்டின் மேல் மாஸ்க் போட்டு, கறுப்பால் தீட்டிய இடம் மறையும், வெள்ளையால் தீட்டினால் திரும்பி வரும். தலைமுடி ஓரத்தில் அதிக நேரம் செலவிட வேண்டும்; அதைப் பற்றி எல்லோரும் எழுதியிருப்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

நிறம்தான் என்னை நிறையச் சோதித்தது. ஆளைச் சேர்த்ததும் அவர் நீலமாக இருப்பதாகத் தோன்றியது. நீலத்தைக் குறைத்தால் முகம் மஞ்சளாகத் தெரிந்தது. கண்ணை நம்பினால் இப்படி இழுபறியாகவே போகும். ஆகவே Info பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு வெள்ளைச் சட்டைகளையும் அளந்தேன். உதவியாளர் நின்ற படத்தில் சட்டையின் வெயில் பக்கம் சிவப்பு 236, பச்சை 229, நீலம் 214. நிழல் பக்கம் 150, 148, 152. வெயில் படும் இடம் இளமஞ்சள், நிழல் படும் இடம் லேசான நீலம். திறந்த வெளியில் அப்படித்தான் இருக்கும். நிழலுக்குள் வெளிச்சம் தருவது வானம்.

டொராண்டோ சட்டையில் வெளிச்சப் பக்கம் 228, 233, 240. நிழல் பக்கம் 146, 138, 128. குளிர்கால ஜன்னல் வெளிச்சம் நீலம். அறைக்குள் எரிந்த பல்பு மஞ்சள். கும்பகோணத்துக்கு நேர் எதிர். ஒரு பக்கத்துக்கு மருந்து கொடுத்தால் மறுபக்கத்துக்கு நோய் என்றானதற்கு இதுதான் காரணம்.

இங்கேதான் அட்ஜஸ்ட்மென்ட் லேயர். இதில் படம் எதுவும் கிடையாது. கீழே உள்ள படத்தை எப்படி மாற்றிக் காட்ட வேண்டும் என்ற கட்டளை மட்டுமே இருக்கும். கட்டளையை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், மாஸ்க் போட்டுப் பாதி இடத்துக்கு மட்டும் செல்லுபடியாக்கலாம். இரண்டு கர்வ்ஸ் லேயர்கள் போட்டு, Ctrl+Alt+G அழுத்தி இரண்டையும் தம்பியின் லேயரோடு மட்டும் பிணைத்தேன். இல்லாவிட்டால் குடும்பமே நிறம் மாறிவிடும். முதல் கர்வ்ஸில் நீலத்தை 240-இலிருந்து 214-க்கு இறக்கினேன். சிவப்பை 228-இலிருந்து 236-க்கு ஏற்றினேன். பச்சையை 233-இலிருந்து 229-க்குக் கொண்டுவந்தேன். அதன் மாஸ்க்கில் உடலின் வலப்பக்கத்தை மட்டும் வெள்ளையாக விட்டேன். இரண்டாவது கர்வ்ஸில் நீலத்தை 128-இலிருந்து 152-க்கும், பச்சையை 138-இலிருந்து 148-க்கும், சிவப்பை 146-இலிருந்து 150-க்கும் ஏற்றி, இடப்பக்கத்துக்கு மட்டும் கொடுத்தேன். இரண்டு மாஸ்க்கும் சந்திக்கும் இடத்தை மெத்தென்ற பிரஷ்ஷால் கலைத்துவிட்டேன். முதலில் சோம்பலில் ஒரே கர்வ்ஸில் இரண்டையும் செய்யப் பார்த்தேன். சட்டை சரியானது, ஆனால் முகம் வெளிறிப் போனது. வெயில் படும் கன்னத்தில் உள்ள நீல அளவு சட்டை நிழலின் நீல அளவுக்குப் பக்கத்தில் இருப்பதால், நிழலுக்குக் கொடுத்தது கன்னத்துக்கும் போய்விட்டது.

நிறத்தைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Black & White அட்ஜஸ்ட்மென்ட் லேயரைத் தற்காலிகமாகப் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகும். நிறம் இல்லாதபோது வெளிச்ச வித்தியாசம் மட்டும் துலக்கமாகத் தெரியும். தம்பியின் தலைமுடிக் கறுப்பு அண்ணனுடையதைவிட அடர்த்தியாக இருப்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். வெளியே எடுத்த படத்தில் லென்ஸில் விழும் வெளிச்சத்தால் கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கும். கர்வ்ஸின் அடிப்புள்ளியை ஒரு மயிரிழை தூக்கியதும் இரண்டும் ஒன்றாயின.

மிச்சமிருந்தது துலக்கம். சுருக்கிய படம் மற்றவர்களைவிடக் கூர்மையாகத் தெரிந்தது. அறை வெளிச்சத்தில் எடுத்ததால் புள்ளியும் கொஞ்சம் இருந்தது. ஸ்மார்ட் ஆப்ஜெக்டின்மேல் 0.6 பிக்சல் Gaussian Blur கொடுத்தேன். சாதாரண லேயரில் கொடுத்தால் அது படத்தோடு கலந்துவிடும். இங்கே லேயருக்குக் கீழே ஒரு வரியாக நிற்கும். இரண்டு முறை கிளிக் செய்து 0.6-ஐ 0.4 ஆக்கலாம். புள்ளிகளைக் குறைக்கப் பெட்டியை இரண்டு முறை கிளிக் செய்தேன். கேமரா ரா மறுபடி திறந்தது. இதைப் பார்க்கும்போது திரையை 100 சதவீதத்தில் வைக்க வேண்டும். குறைத்து வைத்தால் எல்லாப் படமும் கூர்மையாகவே தெரியும்.

காலடியில் நிழலையும் போட்டேன். கறுப்பு பெயின்ட் அடிப்பதில்லை. அது தரையின் கோலத்தையும் மண்ணையும் மூடிவிடும். தம்பியின் லேயருக்கு அடியில், படத்தை இருட்டாக்கும் ஒரு கர்வ்ஸ் லேயரைப் போட்டு, அதன் மாஸ்க்கை முழுக்கக் கறுப்பாக்கினேன். பிறகு நிழல் விழ வேண்டிய இடத்தை வெள்ளைப் பிரஷ்ஷால் மெதுவாகத் திறந்தேன். இப்படிச் செய்தால் கோலப் பொடி கோலப் பொடியாகவே இருட்டாகும். செருப்பு தரையைத் தொடும் இடத்தில் அடர்ந்த ஒரு சின்னக் கோடு. அங்கிருந்து இடப்பக்கம் பின்னால் போகப் போக மெலிந்து பரவும் நிழல்.

இவ்வளவும் முடித்துத்தான் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். அப்போதுதான் "வெட்டி ஒட்டின மாதிரி" என்றார்.

அவர் போன பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். விளிம்பு சுத்தம், அளவு சரி, எண்கள் பொருந்தின. கடைசியில் உதவியாளர் நின்ற படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். உடனே விடை தெரிந்தது. அவருடைய நிழல் தரையில் மட்டும் விழவில்லை. இடப்பக்கம் நின்ற அண்ணனின் வேட்டியில், முழங்காலுக்கு மேலே, சாய்ந்த ஒரு பட்டையாக ஏறியிருந்தது. வலப்பக்கம் நின்ற தங்கையின் நிழல் உதவியாளரின் கையிலும் வேட்டி ஓரத்திலும் விழுந்திருந்தது. என் படத்திலோ அண்ணன் வேட்டி முழு வெயிலில் பளிச்சென்று இருந்தது, தம்பியின் கைமேல் யாருடைய நிழலும் இல்லை. நடுவில் ஆளே இல்லாதபோது எடுத்த வெயில்தான் மூவர்மேலும் இருந்தது. கூட்டமாக நிற்கும் மனிதர்கள் ஒருவர் வெளிச்சத்தை ஒருவர் மறைத்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். அந்த அம்மாவால் காரணம் சொல்ல முடியவில்லை, ஆனால் அவர் கண் அதைப் பிடித்துவிட்டது.

அண்ணன் வேட்டிக்கு இன்னொரு கர்வ்ஸ், அதையும் உதவியாளர் படத்தின் எண்களுக்கு: வேட்டியின் நிழல் இடத்தில் நீலம் சற்றுத் தூக்கலாக. தம்பியின் கைக்கும் வேட்டி ஓரத்துக்கும் ஒரு கர்வ்ஸ், அவர் லேயரோடு பிணைத்து. நிழலின் ஓரங்களை மேக வெயிலுக்கு ஏற்ப மென்மையாக்கினேன். கடைசியாக எல்லோருக்கும் மேலே, யாரோடும் பிணைக்காமல், லேசாகச் சூடேற்றும் ஒரு பொதுக் கர்வ்ஸ் போட்டேன். எல்லோரும் ஒரே நிறச் சட்டத்துக்குள் வருவதற்கு அது உதவும்.

இரண்டாம் முறை பார்த்த அம்மா ஒட்டைப் பற்றிப் பேசவே இல்லை. "இவன் இப்படி உம்முனு நிப்பானா? சிரிச்ச மாதிரி வேற இல்லையா?" என்றார். பத்துப் படங்களில் ஒன்றில் சிரித்திருந்தார். பழைய முறையில் இது இன்னொரு நாள் வேலை. அந்தப் படத்துக்கும் கேமரா ராவில் அதே அளவுகளைக் கொடுத்துவிட்டு, லேயரில் வலது கிளிக் செய்து Replace Contents கொடுத்தேன். பெட்டிக்குள் ஆள் மாறினார். இடம், அளவு, மங்கல், இரண்டு கர்வ்ஸும் அப்படியே இருந்தன. ஸ்டாண்டை அசைக்காமல், ஒரே கேமராவில் எடுத்ததால்தான் இது முடிந்தது. பிக்சல் அளவு வேறாக இருந்திருந்தால் ஆள் பெரிதாகவோ சிறிதாகவோ வந்திருப்பார். மாஸ்க் மட்டும் பழைய உருவத்தின் விளிம்பிலேயே நின்றது. தோளும் முடியும் சற்று நகர்ந்திருந்ததால் அதைத் திருத்த நாற்பது நிமிடம் ஆயிற்று.

பெட்டியைப் பற்றி இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஸ்மார்ட் ஆப்ஜெக்டை Ctrl+J கொடுத்து நகலெடுத்தால் இரண்டும் ஒரே பெட்டி. ஒன்றின் உள்ளே திருத்தினால் மற்றதும் மாறும். தனிப் பெட்டி வேண்டுமானால் New Smart Object via Copy கொடுக்க வேண்டும். அடுத்தது, ஸ்மார்ட் ஆப்ஜெக்டின்மேல் நேராக பிரஷ்ஷோ குளோன் கருவியோ ஓடாது. ரா பெட்டிக்குள்ளும் தீட்ட முடியாது. தம்பியின் சட்டையிலிருந்த ஒரு சின்னக் கறையை, மேலே வெற்று லேயர் போட்டு, குளோன் கருவியில் Current & Below தேர்ந்தெடுத்துத்தான் மறைத்தேன். பொறுமை இழந்து Rasterize கொடுத்துவிட்டால் பெட்டி உடைந்துவிடும். பிறகு சிரித்த முகத்தை மாற்றும் வழியும் போய்விடும்.

அச்சுக்கு அனுப்புமுன் சிறு தாளில் மாதிரி எடுத்துப் பார்த்தோம். திரையில் மென்மையாக இருந்த, அண்ணன் வேட்டியில் விழுந்த நிழல், தாளில் அழுக்குப் பட்டதுபோல் அடர்ந்திருந்தது. அந்த ஒரு கர்வ்ஸைத் திறந்து நடுப்புள்ளியைக் கொஞ்சம் உயர்த்தி, இன்னொரு மாதிரி எடுத்தோம். அம்மா தாளை வாங்கி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு பெரிய மகனைக் கூப்பிட்டு, "டேய், இவன் நிழல் உன் வேட்டியில விழுது பாரு" என்றார்.